ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கூடுதலாகக் கட்டினால் வீட்டுக் கடன் எத்தனை மாதம் முன்னால் முடியும்?

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் திருநகர்ப் பக்கம் வீடு கட்ட 25 லட்ச ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், காலம் 20 ஆண்டு, மாதத் தவணை 22,493 ரூபாய். தீபாவளி போனஸும் வீட்டம்மா கட்டிவரும் சீட்டுப் பணமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு தடவை 50,000 ரூபாய் கையில் நிற்கிறது. அதை அப்படியே கடனில் போட்டால் என்ன ஆகும்?

வீட்டில் உட்கார்ந்து போடும் முதல் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 20 வருஷத்துக்கு வருஷம் ஐம்பதாயிரம் என்றால் 10 லட்சம். அதை 22,493-ஆல் வகுத்தால் 44. ஆக, 44 தவணை குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியான விடை 73 மாதம். அதுவும் பத்து லட்சம் கட்டி அல்ல. 13 தடவை, ஆறரை லட்சம் மட்டும் கட்டி. முதல் கணக்கு எங்கே சறுக்கியது என்று பார்த்தால், இதற்கு ஏன் பள்ளியில் படித்த மடக்கை தேவைப்படுகிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பார்ப்போம். 9 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாத வட்டி 0.75 சதவீதம். 25 லட்சத்துக்கு அது 18,750 ரூபாய். கட்டிய 22,493-இல் வட்டி போக, அசலில் கழிவது 3,743 ரூபாய் மட்டுமே. அடுத்த மாதம் அசல் கொஞ்சம் குறைந்திருப்பதால் வட்டியும் கொஞ்சம் குறையும். அந்த மிச்சம் அசலுக்குப் போகும். இப்படியே 12 மாதம் கட்டினால் கையை விட்டுப் போவது 2 லட்சத்து 70 ஆயிரம். அசலில் குறைந்திருப்பதோ 46,818 ரூபாய். முதல் ஆண்டு முடிந்து வங்கி அறிக்கையைப் பார்க்கும் பலருக்கு வயிற்றைக் கலக்குவது இந்த எண்தான்.

இதே எண்தான் கூடுதல் கட்டணத்தின் பலத்தையும் காட்டுகிறது. ஓராண்டு முழுக்கத் தவணை கட்டி அசலில் 46,818 குறைத்தவர், ஆண்டுக் கடைசியில் 50,000 கட்டினால் அது முழுக்க முழுக்க அசலுக்கே போகிறது. இரண்டாம் ஆண்டின் தவணைகள் சேர்ந்து குறைக்கவிருந்த அசல் 51,210 ரூபாய். ஐம்பதாயிரம் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆக, அந்த ஒரே கட்டணத்தில் அட்டவணையில் ஏறக்குறைய ஓராண்டைத் தாண்டிப் போய்விடுகிறார். ஐம்பதாயிரத்தை 22,493-ஆல் வகுத்து ‘இரண்டே கால் தவணை’ என்று எண்ணியதுதான் பிழை. ஒரு தவணையில் இருக்கும் அசல் எவ்வளவு என்பதுதான் கணக்கு. தவணை எவ்வளவு என்பது அல்ல.

சரி, ‘ஏறக்குறைய ஓராண்டு’ என்றால் துல்லியமாக எத்தனை மாதம்? ஒவ்வோர் ஆண்டும் இப்படிக் கட்டினால் மொத்தம் எத்தனை? இங்கேதான் மடக்கை வருகிறது. சூத்திரத்தை நேரே தூக்கிப் போடுவதைவிட, அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஒரு கேள்வி: மாதம் 22,493 ரூபாய் எவ்வளவு பெரிய கடனின் வட்டிக்கு மட்டும் சரியாகப் போதும்? 22,493-ஐ, விட்டுப்போன 15 பைசாவையும் சேர்த்துக்கொண்டு, 0.0075-ஆல் வகுத்தால் 29,99,087. கடன் இந்த அளவு இருந்தால் கட்டுகிற பணம் முழுக்க வட்டிக்கே போய்விடும். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது, காலம் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்கலாம். இதை அந்தத் தவணையின் எல்லை என்று வைத்துக்கொள்வோம். நம் கடன் 25 லட்சம். எல்லைக்கும் கடனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 4,99,087 ரூபாய்.

இந்த இடைவெளிதான் கடனை அடைக்கிறது. முதல் மாதம் அசலில் கழிந்த 3,743 ரூபாய் எங்கிருந்து வந்தது? 4,99,087-இல் 0.75 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். அதே 3,743 வரும். அசல் அவ்வளவு குறைந்ததும் இடைவெளி அவ்வளவு கூடுகிறது. அடுத்த மாதம் கூடிய இடைவெளியில் 0.75 சதவீதம் அசலிலிருந்து கழிகிறது. ஒவ்வொரு மாதமும் இடைவெளி 1.0075 மடங்கு ஆகிறது. இடைவெளி வளர்ந்து வளர்ந்து 29,99,087-ஐத் தொடும் மாதத்தில் கடன் பூஜ்யம். அவ்வளவுதான் விஷயம். வங்கிக்குக் கூட்டுவட்டி எப்படி வேலை செய்கிறதோ, அதே கூட்டுவட்டி இந்த இடைவெளியில் நமக்காக வேலை செய்கிறது.

இப்போது கேள்வி சுருங்கிவிட்டது. 4,99,087 ஒவ்வொரு மாதமும் 1.0075 மடங்காகி 29,99,087 ஆக எத்தனை மாதம்? பின்னதை முன்னதால் வகுத்தால் 6.009. அதாவது 1.0075-ஐ எத்தனை தடவை தன்னாலேயே பெருக்கினால் 6.009 வரும்? அடுக்கு என்ன என்று கேட்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் மடக்கை இருக்கிறது. 6.009-இன் மடக்கையை 1.0075-இன் மடக்கையால் வகுத்தால் 240. வங்கி கொடுத்த 20 ஆண்டு அப்படியே வந்துவிட்டது. சூத்திரமாக எழுதினால் இப்படி இருக்கும். M மாதம் கட்டும் தொகை, r மாத வட்டி, P கடன் நிலுவை, n மாதங்களின் எண்ணிக்கை, ln என்பது மடக்கை:

```
n = ln( (M/r) / (M/r − P) ) / ln(1 + r)
```

செல்போன் கால்குலேட்டரைப் படுக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் `ln` என்ற பொத்தான் வந்துவிடும். `log` பொத்தானைப் போட்டாலும் விடை ஒன்றே. மேலும் கீழும் ஒரே அடிமானமாக இருந்தால் போதும். பிளஸ் டூ காலத்து மடக்கை அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு இலக்க அட்டவணையில் 1.0075-க்கு 0.0032 அல்லது 0.0033 என்றுதான் கிடைக்கும். முதலாவதை எடுத்தால் 243 மாதம், இரண்டாவதை எடுத்தால் 236 மாதம். கீழே இருக்கும் எண் அவ்வளவு சிறியது என்பதால், அதில் ஒரு இலக்கம் விட்டுப்போனாலும் விடை மாதக்கணக்கில் ஆடும். 0.0032451 என்று முழுதாக எடுத்தால்தான் 240 வரும்.

அப்புறம், ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் 50,000-ஐ மாதம் மாதம் ஓடும் சூத்திரத்துக்குள் எப்படி நுழைப்பது? 12-ஆல் வகுத்து மாதம் 4,167 என்று போட்டுவிடத் தோன்றும். அது கொஞ்சம் அதிகம். மாதம் மாதம் கட்டும் பணம் முன்கூட்டியே போய்ச் சேருவதால் வட்டியையும் மிச்சப்படுத்துகிறது. ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் பணத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாதம் 1 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினால், 0.75 சதவீத வட்டியில் ஆண்டுக் கடைசியில் அதன் மதிப்பு 12.5076 ரூபாய். எனவே 50,000-ஐ 12-ஆல் அல்ல, 12.5076-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 3,998 ரூபாய். நம் ஆள் மாதம் 22,493 கட்டி ஆண்டுக் கடைசியில் 50,000 கட்டுவதும், மாதம் 26,491 கட்டுவதும் கடனைப் பொறுத்தவரை ஆண்டுக்கு ஆண்டு ஒன்றே.

புதிய எல்லை எவ்வளவு? 26,491-ஐ 0.0075-ஆல் வகுத்தால், பைசாவையும் சேர்த்துக்கொண்டு, 35,32,096. கடன் அதே 25 லட்சம். இடைவெளி 10,32,096. கட்டும் தொகை கூடியது 18 சதவீதம்தான். ஆனால் இடைவெளி ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்கு மேலே, இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கூடுதல் கட்டணம் எதிர்பார்ப்பதைவிட வேகமாகக் கடனைக் கரைப்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 35,32,096-ஐ 10,32,096-ஆல் வகுத்தால் 3.4223. அதன் மடக்கையை 1.0075-இன் மடக்கையால் வகுத்தால் 164.65 மாதம்.

இதையே விடை என்று எடுத்துக்கொண்டு ‘75 மாதம் மிச்சம்’ என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது. 164 மாதம் என்பது 13 ஆண்டும் 8 மாதமும். பதினான்காம் ஆண்டின் ஐம்பதாயிரம் அந்த ஆண்டின் கடைசியில்தான் கைக்கு வரும். கடனோ அதற்கு முன்பே முடிகிறது. ஆனால் சூத்திரம் அந்த எட்டு மாதத்திலும் மாதத்துக்கு 3,998 ரூபாயைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. எனவே முழு ஆண்டுகளை மட்டும் இப்படிப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தனியாகப் போட வேண்டும். 13 ஆண்டு முடிவில், அதாவது 156-ஆவது மாதத்தில், இடைவெளி 3.208 மடங்காகி 33,10,920 ஆகியிருக்கும். எல்லையிலிருந்து அதைக் கழித்தால் மீதிக் கடன் 2,21,176 ரூபாய். இனி இதற்குச் சாதாரணத் தவணை 22,493 மட்டும். மறுபடி அதே சூத்திரத்தில் போட்டால் 10.25 மாதம். அதாவது பத்து முழுத் தவணையும், பதினோராவதாக ஏறத்தாழ 5,700 ரூபாய்க்கு ஒரு சின்னத் தவணையும். மொத்தம் 167 மாதம். மிச்சம் 73 மாதம், ஆறு ஆண்டு ஒரு மாதம்.

பணக் கணக்கில் பார்த்தால், 240 மாதமும் கட்டியிருந்தால் வட்டி மட்டும் 28 லட்சத்து 98 ஆயிரம். இப்போது 18 லட்சத்து 90 ஆயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வித்தியாசம் 10 லட்சத்துக்குச் சற்று மேல்.

எந்த ஆண்டில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஐம்பதாயிரத்துக்கு எவ்வளவு வேறுபட்ட பலன் என்பதையும் இதே சூத்திரம் காட்டும். முதல் ஆண்டுக் கடைசியில் ஒரே ஒருமுறை கட்டிவிட்டு நிறுத்திக்கொண்டால் குறைவது 11.7 மாதம். பத்தாம் ஆண்டுக் கடைசியில் கட்டினால் 5.4 மாதம். பதினைந்தாம் ஆண்டுக் கடைசியில் 3.4 மாதம். ‘சம்பளம் கூடட்டும், பத்து வருஷம் கழித்து மொத்தமாகக் கட்டலாம்’ என்கிறவர்கள் இந்த மூன்று எண்ணையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஆனால் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல், முதல் ஆண்டே கிடைத்ததையெல்லாம் கடனில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. சாதாரண வீட்டுக் கடனில் ஒருமுறை போட்ட பணத்தை மருத்துவச் செலவுக்கு என்று திரும்ப எடுக்க முடியாது. அவசரத்துக்கு 18 சதவீதத்தில் தனிநபர்க் கடன் வாங்கினால் 9 சதவீதத்தில் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும்.

இவ்வளவு கணக்கும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. கூடுதல் பணம் அசலில் கழிந்த பிறகும் மாதத் தவணை அதே 22,493-ஆக இருக்க வேண்டும். வங்கியில் பகுதித் தொகை கட்டும்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, தவணை அப்படியே இருக்க, காலம் குறைவது. இன்னொன்று, காலம் அப்படியே இருக்க, தவணை குறைவது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிளைக்குக் கிளை, நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். தவணையைக் குறைத்துவிட்டால் சூத்திரத்தில் M குறைந்து, எல்லையும் சேர்ந்து இறங்கிவிடும். மிச்சமாகும் மாதம் பூஜ்யம். கொஞ்சம் வட்டி குறையும் என்பது உண்மைதான், ஆனால் நாம் தேடுவது அது இல்லை. அதனால் பணம் கட்டும்போதே ‘தவணை மாறக் கூடாது, காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையை வாங்கிவிட வேண்டும்.

இன்னொரு கோளாறு, கட்டிய பணம் அசலில் கழியாமல் அடுத்த மாதத் தவணைகளுக்கான முன்பணமாக உட்கார்ந்துவிடுவது. கடன் கணக்கு எண்ணுக்குச் செயலி வழியாக நேரே அனுப்பும்போது இது நடக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 50,000 அசலில் கழிந்திருந்தால், அடுத்த மாத வட்டி பழைய அட்டவணையில் இருப்பதைவிட 375 ரூபாய் குறைந்திருக்க வேண்டும், 50,000-இல் 0.75 சதவீதம். அறிக்கையில் அது குறையவில்லை என்றால் பணம் எங்கோ சும்மா கிடக்கிறது. நாள் கணக்கில் வட்டி போடும் வங்கிகளில் 28 நாள் மாதமும் 31 நாள் மாதமும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்; அப்படியானால் வட்டியை விட்டுவிட்டு, பணம் கட்டிய தேதியில் அசல் நிலுவை முழுதாக 50,000 இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டணம் கேட்பார்களோ என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கும் வீட்டுக் கடனுக்கு, முன்கூட்டி அடைப்பதற்காக வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மாறும் வட்டி என்றதும் அடுத்த பிரச்சினை வந்துவிடுகிறது. இதுவரை 9 சதவீதம் அசையாமல் நிற்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டோம். அது நிற்காது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. அப்போது பலருக்குத் தவணை ஏறவில்லை. சத்தமில்லாமல் காலம் நீண்டது. எவ்வளவு நீளும்? நம் ஆளுக்குக் கடன் வாங்கியவுடனே வட்டி 10 சதவீதமாகிறது, தவணை மாறவில்லை என்று வைத்துப் பாருங்கள். எல்லை 22,493-ஐ 0.008333-ஆல் வகுத்தால் வருவது. ஏறத்தாழ 27 லட்சம். இடைவெளி ஐந்து லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குக் கீழே சுருங்கிவிட்டது. மாதங்கள் 314. ஒரு சதவீத வட்டி உயர்வு 74 மாதத்தைக் கூட்டிவிட்டது. ஆண்டுதோறும் ஐம்பதாயிரம் கட்டிக் குறைத்தது 73.

வட்டி 10.8 சதவீதத்தைத் தொட்டால் எல்லையே 25 லட்சத்துக்கு இறங்கிவிடும். இடைவெளி இல்லை. அதற்கும் மேலே போனால் சூத்திரம் குறை எண்ணுக்கு மடக்கை கேட்கும். கால்குலேட்டர் பிழை என்று காட்டும். அந்தப் பிழை நிஜத்தைத்தான் சொல்கிறது: கட்டும் தவணை வட்டிக்கே போதவில்லை, கடன் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, காலத்தை நீட்டுவதால் இந்த நிலை வரக் கூடாது என்கிறது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால் படிக்காமல் விடாதீர்கள்.

இதனால்தான் 20 ஆண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. சூத்திரத்துக்குப் பழைய கதை எதுவும் தேவைப்படுவதில்லை. இன்றைய அசல் நிலுவை, இன்றைய வட்டி, இன்றைய தவணை, இந்த மூன்றும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டியதும் அறிக்கையிலிருந்து மூன்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்துவிடலாம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இதே கணக்குக்கு ஆயத்தமாக ஒரு கட்டளை இருக்கிறது:

```
=NPER(0.09/12, -22493, 2500000)
```

தவணைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். விட்டுவிட்டால் வேறு ஏதோ ஒரு எண் வரும். மேலே கண்டபடி எழுதினால் 240 வருகிறது. உங்கள் எண்களைப் போட்டு வரும் விடையும் வங்கி அறிக்கையில் இருக்கும் மீதிக் காலமும் ஒரு மாதத்துக்கு மேல் வேறுபட்டால் கிளையில் போய்க் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

வருமான வரியைச் சொல்லாமல் விட முடியாது. பழைய வரிமுறையில் இருப்பவருக்கு வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. நம் கணக்கில் முதல் ஆண்டு வட்டி 2,23,000 வருகிறது. அதில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு எப்படியும் கழிவு இல்லை. முன்கூட்டி அடைத்து வட்டி 2 லட்சத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கழிவு குறைவதைப் பற்றி யோசிக்க வேண்டும். புதிய வரிமுறையில், தான் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே கிடையாது. அங்கே 50,000-ஐக் கடனில் போடுவது வரி பிடிக்காத 9 சதவீத வட்டிக்குச் சமம். அதே பணத்தை 7 சதவீத வைப்புநிதியில் போட்டு, வட்டிக்கு வரியும் கட்டுவதோடு ஒப்பிட்டால் இதில் தயங்க ஒன்றுமில்லை.

அந்த 167-ஆவது மாதத்துக்கு வருவோம். கடைசித் தவணை ஏறத்தாழ 5,700 ரூபாய் என்று நம் கணக்கு சொன்னாலும், தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டில் வங்கி முழுத் தவணையையும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு திருப்பித் தரும்படி ஆகலாம். எனவே அதற்கு முந்தைய மாதமே முடிப்புத் தொகை எவ்வளவு என்று கடிதம் வாங்கி, அதைக் கட்டி முடிப்பது எளிது. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. கடன் வாங்கியபோது பத்திர ஒப்படைப்பு ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், வங்கியிடம் ரசீது ஆவணம் வாங்கி அங்கேயே பதிய வேண்டும். அதன் பிறகு ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, ரத்தான பதிவும் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.